பொய் சொல்லவும் வேண்டாம், மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்

2011 ஆகஸ்ட் இறுதியில் தென் கொரியாவின் தேகு நகரில் உலகத் தடகள சாம்பியன்ஷிப் தொடங்கியது. போட்டிக்கு வந்த வீரர், வீராங்கனைகளில் 1,202 பேர் ஒரு டேப்லெட் திரையில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒருமுறை தட்டினார்கள். அவர்களில் யார் ஊக்கமருந்து எடுத்தவர் என்று அந்த ஆய்வை நடத்தியவர்களுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. யாருடைய பதிலைப் பார்த்தும் அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் முந்தைய 12 மாதங்களில் தெரிந்தே ஊக்கமருந்து எடுத்தவர்கள் சுமார் 43.6 சதவீதம் என்று அவர்களால் கணக்கிட முடிந்தது. அதே போட்டியில் நடந்த மருத்துவப் பரிசோதனைகளில் சிக்கியவர்களோ 0.5 சதவீதம்தான்.

தனி மனிதரைப் பற்றி எதுவும் உறுதியாகத் தெரியாமல் கூட்டத்தைப் பற்றி மட்டும் எப்படித் தெரிந்துகொள்வது? சமவாய்ப்பு விடை முறை என்று புள்ளியியலில் இதற்குப் பெயர். ஆங்கிலத்தில் ‘ராண்டமைஸ்டு ரெஸ்பான்ஸ்’ என்பார்கள். இதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

நேரடியாகக் கேட்டால் என்ன ஆகும்?

“நீங்கள் ஊக்கமருந்து எடுத்தீர்களா?” என்று ஒரு ஓட்டப்பந்தய வீரரிடம் நேரடியாகக் கேட்டால், எடுத்தவரும் எடுக்காதவரும் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். ‘உங்கள் பெயரைக் கேட்க மாட்டோம்’ என்ற உறுதிமொழி அவரைப் பெரிதாக அசைக்காது. கேட்பவர் எதிரே நிற்கிறார், முகத்தைப் பார்க்கிறார், எந்த நாட்டுச் சீருடை என்பதும் தெரிகிறது. வரி ஏய்ப்பு, லஞ்சம், கருக்கலைப்பு, வேட்டை, போலிச் சான்று கொடுத்து வாங்கிய உதவித்தொகை என்று எதைக் கேட்டாலும் இதே கதைதான். இந்தப் பொய்யில் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. எத்தனை பேர் பொய் சொன்னார்கள் என்பது கேட்டவருக்குத் தெரியாது. தெரியாத அளவைக் கணக்கிலிருந்து கழிக்க முடியாது.

ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்கர் 1965-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு வழி சொன்னார். மக்கள் பொய் சொல்வதைத் தடுக்க முடியாவிட்டால், பதில்களுக்குள் நாமே குழப்பத்தைக் கலந்துவிடலாம். எவ்வளவு கலந்தோம் என்பது நமக்குத் தெரியும் என்பதால் பிறகு அதை நாமே கழித்துக்கொள்ளலாம். எண்ணெயைப் பாத்திரத்தோடு தராசில் வைத்துவிட்டு, பாத்திரத்தின் எடையைக் கழிப்பது போன்ற வேலை இது. பாத்திரத்தின் எடை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வார்னர் சொன்ன கருவி ஒரு சுழலும் முள். அந்த வட்டத்தில் முக்கால் பங்கில் ‘நான் அந்த வகையைச் சேர்ந்தவன்’ என்றும், கால் பங்கில் ‘நான் அந்த வகையைச் சேராதவன்’ என்றும் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பதில் சொல்பவர் முள்ளைச் சுழற்றுகிறார். அது எங்கே நின்றது என்பதை அவர் மட்டுமே பார்க்கிறார். முள் காட்டிய வாக்கியம் தன்னைப் பொறுத்தவரை உண்மையா இல்லையா என்று மட்டும் சொல்கிறார். ‘ஆம்’ என்ற பதில் அந்த வகையைச் சேர்ந்தவரிடமிருந்தும் வரலாம், சேராதவரிடமிருந்தும் வரலாம்.

இப்போது 1,000 பேரிடம் இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று இரண்டு கோடிகளிலிருந்தும் யோசித்துப் பாருங்கள். அந்த 1,000 பேரில் ஒருவர்கூட அந்த வகையைச் சேராதவர் என்றால், முள் கால் பங்கில் நின்ற 250 பேர் மட்டும் ‘ஆம்’ என்பார்கள். எல்லோருமே அந்த வகை என்றால் 750 பேர் ‘ஆம்’ என்பார்கள். ஆக, உண்மை 0 சதவீதத்திலிருந்து 100 சதவீதம்வரை எங்கே இருந்தாலும், ‘ஆம்’ எண்ணிக்கை 250-க்கும் 750-க்கும் இடையில்தான் நகரும். நமக்கு 350 ‘ஆம்’ கிடைத்தால், அது அடிமட்டமான 250-ஐவிட 100 அதிகம். மொத்த இடைவெளி 500. 500-இல் 100 என்றால் ஐந்தில் ஒன்று. அந்த வகையைச் சேர்ந்தவர்கள் 20 சதவீதம்.

வட்டத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் மட்டும் இந்தக் கணக்கு நடக்காது. அப்போது உண்மை எதுவாக இருந்தாலும் 500 ‘ஆம்’ தான் வரும். இரண்டு கோடிகளும் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும். பதில் சொல்பவருக்கு முழுப் பாதுகாப்பு, ஆய்வாளருக்குப் பூஜ்யத் தகவல். எனவே பாதியிலிருந்து எவ்வளவு விலகி நிற்பது என்பதுதான் ஆய்வை வடிவமைப்பவர் எடுக்க வேண்டிய முக்கிய முடிவு.

பெட்டிக்குள் பந்துகள்

வார்னரின் முறையில் ஒரு சங்கடம் இருந்தது. முள் எங்கே நின்றாலும் கேள்வி அந்த வில்லங்கமான விஷயத்தைப் பற்றியதாகவே இருந்தது. ‘சேராதவன்’ என்ற எதிர்மறை வாக்கியத்துக்கு ‘இல்லை’ என்று பதில் சொல்வதும் சாதாரண மக்களைக் குழப்பியது. இதற்கு மாற்றாகச் சில ஆண்டுகளிலேயே வேறொரு வடிவம் வந்தது. ஒரு கேள்வி வில்லங்கமானது, மற்றொன்று அதற்குத் துளியும் சம்பந்தமில்லாத, யாருக்கும் வெட்கம் தராத கேள்வி.

அமெரிக்காவில் கருக்கலைப்பைச் சட்டம் இறுக்கிப் பிடித்திருந்த 1960-களின் கடைசியில், வட கரோலினா மாநிலத்தில் பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். கண்ணாடிபோன்ற சிறிய மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 35 சிவப்புப் பந்துகளும் 15 நீலப் பந்துகளும் இருந்தன. பெண் பெட்டியைக் குலுக்குவார், ஒரு பந்து மட்டும் வெளியே தெரியும் இடத்தில் வந்து நிற்கும். சிவப்பு என்றால் கருக்கலைப்பு பற்றிய வாக்கியத்துக்குப் பதில், நீலம் என்றால் ‘நான் ஏப்ரல் மாதம் பிறந்தவள்’ என்ற வாக்கியத்துக்குப் பதில். எந்த நிறம் வந்தது என்று கேட்பவருக்குத் தெரியாது. அவர் காதில் விழுவது ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ மட்டும்தான்.

தேகுவில் கேட்ட இரண்டு கேள்விகள்

தேகு ஆய்வு இந்த இரண்டாவது வடிவத்தைச் சேர்ந்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் ஏற்பாட்டில் நடந்த அந்த ஆய்வை ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் உல்ரிச்சும் ஹார்வர்டின் ஹாரிசன் போப்பும் மற்றவர்களும் சேர்ந்து செய்தார்கள். அவர்களிடம் பெட்டியும் இல்லை, பகடையும் இல்லை. அவர்கள் வீரரின் மனதுக்குள்ளேயே பகடையை உருட்டினார்கள்.

திரையில் முதலில் வந்த வேண்டுகோள் இது: உங்களுக்கு நெருக்கமான ஒருவரின் பிறந்தநாளை நினைத்துக்கொள்ளுங்கள். அது அண்ணன், தங்கை, அம்மா, நண்பர் யாருடையதாகவும் இருக்கலாம். அந்தத் தேதி மாதத்தின் 1 முதல் 10-க்குள் இருந்தால் முதல் கேள்விக்குப் போங்கள். 11 அல்லது அதற்குப் பிறகு என்றால் இரண்டாம் கேள்விக்குப் போங்கள்.

முதல் கேள்வி: அந்தப் பிறந்தநாள் ஜனவரி முதல் ஜூன் வரையிலான மாதங்களில் வருகிறதா? இரண்டாம் கேள்வி: கடந்த 12 மாதங்களில் தடைசெய்யப்பட்ட பொருளையோ முறையையோ பயன்படுத்தி ஊக்கமருந்து விதிகளைத் தெரிந்தே மீறினீர்களா?

எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன் என்று வீரர் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. யாருடைய பிறந்தநாளை நினைத்தார் என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும். ஒருவர் ‘ஆம்’ என்று தட்டினால், அவருடைய தங்கை மார்ச் 4-ஆம் தேதி பிறந்தவளாக இருக்கலாம். அல்லது அவர் மருந்து எடுத்தவராக இருக்கலாம்.

கேள்விகளின் அமைப்பில் ஒரு நேர்த்தி இருக்கிறது. வருடத்தின் 365 நாட்களில், ஒவ்வொரு மாதத்தின் முதல் பத்து நாட்களையும் கூட்டினால் 120 நாட்கள், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எனவே முதல் கேள்விக்குப் போகிறவர்கள் மூன்றில் ஒருவர், இரண்டாம் கேள்விக்குப் போகிறவர்கள் மூன்றில் இருவர். சாதாரணமாக வருடத்தின் முதல் ஆறு மாதங்களில் 181 நாட்களும் அடுத்த ஆறில் 184 நாட்களும் இருப்பதால், அவை சரிபாதி அல்ல. ஆனால் 1 முதல் 10 வரையிலான தேதிகளை மட்டும் எடுத்தால், எல்லா மாதமும் பத்து நாட்களையே கொடுக்கிறது. பிப்ரவரிக்கும் பத்து, ஆகஸ்டுக்கும் பத்து. முதல் பாதியில் 60, இரண்டாம் பாதியில் 60. எனவே முதல் கேள்விக்குப் போனவர்களில் பாதிப் பேர் ‘ஆம்’ என்பார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

கழித்தால் கிடைப்பது

1,202 என்பதைக் கணக்கு வசதிக்காக 1,200 என்று வைத்துக்கொள்வோம். ஆய்வாளர்கள் வெளியிட்ட 43.6 சதவீத மதிப்பீட்டிலிருந்து பின்னோக்கிப் போனால், ‘ஆம்’ என்று தட்டியவர்கள் ஏறக்குறைய 549 பேர் இருந்திருக்க வேண்டும். அந்த 549-இல் இருந்து உண்மையை எப்படி எடுப்பது?

1,200 பேரில் மூன்றில் ஒரு பங்கான 400 பேர் பிறந்தநாள் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார்கள். அதில் பாதி, அதாவது 200 பேர், ‘ஆம்’ என்றிருப்பார்கள். இந்த 200 ‘ஆம்’ களுக்கும் ஊக்கமருந்துக்கும் சம்பந்தமில்லை. 549-இலிருந்து 200-ஐக் கழித்தால் மீதி 349. இவை மருந்துக் கேள்விக்கு வந்த ‘ஆம்’கள். அந்தக் கேள்விக்குப் போனவர்கள் 800 பேர். 349-ஐ 800-ஆல் வகுத்தால் 0.436. இதுதான் அந்த 43.6 சதவீதம்.

எந்த 349 பேர் என்று கேட்டால் பதில் கிடையாது. 549 பேர் கொண்ட கூட்டத்துக்குள் அவர்கள் கரைந்துவிட்டார்கள். 400, 200 என்ற எண்கள் பெருங்கூட்டத்தின் சராசரிகள். நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது அவை ஓரளவு துல்லியமாகப் பொருந்தும். ஒரே ஒருவரிடம் கொண்டுபோனால் அவற்றால் ஒன்றும் சொல்ல முடியாது.

ஒன்றுமே சொல்ல முடியாதா என்றால், அதையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ‘ஆம்’ என்ற 549 பேரில் மருந்துக் கேள்விக்குப் பதில் சொன்ன 349 பேரும் மருந்து எடுத்தவர்கள். பிறந்தநாள் கேள்விக்கு ‘ஆம்’ சொன்ன 200 பேரிலும் அதே 43.6 சதவீதம், சுமார் 87 பேர், மருந்து எடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஏனென்றால் தங்கையின் பிறந்தநாளுக்கும் மருந்துக்கும் தொடர்பில்லை. கூட்டினால் 549-இல் 436 பேர். அதாவது ‘ஆம்’ என்று தட்டிய ஒருவர் மருந்து எடுத்தவராக இருக்க 79 சதவீத வாய்ப்பு. ‘இல்லை’ என்று தட்டிய 651 பேரிலும் 87 பேர் மருந்து எடுத்தவர்கள், அதாவது 13 சதவீதம். ஆக, பாதுகாப்பு என்பது மறுக்க இடம் தருவதுதான், சந்தேகத்தை முழுதாகத் துடைப்பதல்ல. சந்தேகம் எவ்வளவு ஏறலாம் என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே தீர்மானிக்கிறார். மருந்துக் கேள்விக்குப் போகிறவர்களின் பங்கைக் குறைத்தால் வீரருக்குத் தைரியம் கூடும், கணக்கில் தெளிவு குறையும்.

தெளிவுக்குக் கொடுக்கும் விலை

அந்தத் தெளிவுக் குறைவை எண்ணிலேயே பார்க்கலாம். தேகு மதிப்பீட்டின் பிழை எல்லை, 95 சதவீத நம்பிக்கை அளவில், 39.4 முதல் 47.9 வரை. அதே 1,202 பேரிடம் நேரடியாகக் கேட்டு, எல்லோரும் உண்மை சொல்லியிருந்தால், எல்லை இருபுறமும் 2.8 புள்ளிகளுக்குள் நின்றிருக்கும். இங்கே 4 புள்ளிகளைத் தாண்டுகிறது. அதே துல்லியம் வேண்டுமென்றால் இரண்டேகால் மடங்கு ஆட்களைக் கேட்க வேண்டும். நாம் கலந்த குழப்பத்தின் சராசரியைத்தான் கழிக்க முடிகிறது. 400 பேரில் சரியாக 200 பேர் ‘ஆம்’ என்பார்கள் என்பது எதிர்பார்ப்புதான். உண்மையில் அது 190 ஆகவும் இருக்கலாம், 211 ஆகவும் இருக்கலாம்.

தேடும் விஷயம் அபூர்வமாக இருந்தால் இந்த விலை தாங்க முடியாததாகிவிடும். நூற்றில் ஒருவர் மட்டுமே செய்யும் ஒரு குற்றத்தை இதே அமைப்பில் 1,200 பேரிடம் கேட்டால், 200 பிறந்தநாள் ‘ஆம்’களோடு உண்மையான ‘ஆம்’ எட்டுதான் சேரும். பிறந்தநாள் எண்ணிக்கையில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கமே அந்த எட்டை விழுங்கிவிடும். மொத்த ‘ஆம்’ 190 என்று வந்தால், கழித்தபின் மைனஸ் 10 கிடைக்கும். குற்றவாளிகளின் பங்கு பூஜ்யத்துக்கும் கீழே என்ற அபத்தமான விடை அது. கணக்கில் தவறில்லை, அந்தக் கேள்விக்கு அந்தக் கருவி பொருந்தவில்லை என்பதே பொருள். நேரடிக் கேள்வியின் துல்லியத்தை இங்கே எட்ட 32 மடங்கு ஆட்கள் வேண்டும். அதனால்தான் இந்த முறை பரவலான, ஆனால் வெளியே பேசப்படாத பழக்கங்களுக்கு உதவுகிறது. அரிதான குற்றங்களுக்கு உதவுவதில்லை.

பிறந்தநாள் பொய்த்தால்

கழிக்கப்போகும் எடை நமக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். நம் ஊரில் இது எங்கே சறுக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். நம் தாத்தா பாட்டி தலைமுறையில், ஏன் அப்பா அம்மா தலைமுறையிலும், பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் எழுதிய தேதியே சான்றிதழில் பிறந்தநாளாக நிலைத்துவிட்டவர்கள் பலர். வயது ஐந்து முடிந்ததாகக் காட்ட வசதியாக அந்தத் தேதி மே, ஜூன் மாதங்களில் விழும். அப்படிப்பட்ட ஊரில் ‘நெருக்கமானவரின் பிறந்தநாள் ஜூனுக்குள் வருகிறதா?’ என்று கேட்டால் பாதிக்கு மேல் ‘ஆம்’ வரும்.

பாதிக்குப் பதில் 70 சதவீதம் வந்ததாக வைத்துக்கொள்வோம். 400 பேரில் 280 ‘ஆம்’. அதே 549-இலிருந்து 280-ஐக் கழித்து 800-ஆல் வகுத்தால் 33.6 சதவீதம். 50 என்று நம்பிக் கழித்தவர் 43.6 என்பார். பத்து புள்ளி வித்தியாசம், அதுவும் மருந்தைப் பற்றி யாரும் ஒரு பொய்கூடச் சொல்லாமலேயே. இப்படிப்பட்ட இடங்களில் பந்துப் பெட்டி அல்லது பகடை நம்பகமானது. பகடைக்குப் பள்ளிச் சான்றிதழ் கிடையாது.

நைஜீரியாவின் நைஜர் டெல்டா பகுதியில் ஆயுதக் குழுக்களோடு பொதுமக்களுக்கு இருந்த தொடர்பைப் பற்றிக் கேட்ட ஒரு ஆய்வில் பகடைதான் உருண்டது. 1 விழுந்தால் ‘இல்லை’ என்று சொல்லுங்கள், 6 விழுந்தால் ‘ஆம்’ என்று சொல்லுங்கள், 2 முதல் 5 வரை விழுந்தால் உண்மையைச் சொல்லுங்கள் என்பது விதி. இங்கே சம்பந்தமில்லாத இரண்டாம் கேள்வியே தேவையில்லை. ஆறில் ஒரு பங்கு ‘ஆம்’ பகடையால் வந்தது, அதைக் கழித்தால் போதும். மீதியை மூன்றில் இரண்டால் வகுத்தால் விடை.

விதியைக் கேட்காதவர்கள்

இதுவரை ஒன்றை எடுத்துக்கொண்டே பேசிவந்தோம். சொன்னபடி எல்லோரும் செய்வார்கள் என்பதே அது. இந்த முறையின் மிக பலவீனமான இடமும் அதுதான்.

பகடையில் 6 விழுந்துவிட்டது, ஆனால் நான் அந்தக் காரியத்தைச் செய்யவே இல்லை. இருந்தாலும் வாய் திறந்து ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும். கேட்பவர் என்னைத் தவறாக நினைத்துவிட்டால்? இந்தக் கூச்சம் எவ்வளவு வலியது என்று 1982-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில் அளந்து பார்த்தார்கள். யாருக்கு என்ன எண் விழும் என்பதை, பங்கேற்றவர்களுக்குத் தெரியாமல், ஆய்வாளர்களே முன்கூட்டி அமைத்திருந்தார்கள். ஓரினச்சேர்க்கை அனுபவம் பற்றிய கேள்வியில் ‘ஆம்’ சொல்லும்படி எண் பணித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டார். இப்படி நடந்தால் நாம் கழிப்பது உள்ளே இருப்பதைவிட அதிகமாகிறது, மதிப்பீடு உண்மைக்குக் கீழே போகிறது.

நெதர்லாந்தில் இன்னும் கறாரான சோதனை நடந்தது. அரசு உதவித்தொகையில் மோசடி செய்ததாக ஏற்கெனவே ஆவணத்தில் பதிவானவர்களையே தேர்ந்தெடுத்து, மோசடி செய்தீர்களா என்று கேட்டார்கள். எல்லோரும் உண்மை சொன்னால் விடை 100 சதவீதம் வர வேண்டும். நேருக்கு நேர் கேட்டபோது ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் ஒப்புக்கொண்டார். சமவாய்ப்பு முறையில் கேட்டபோது மதிப்பீடு பாதியை நெருங்கியது. வார்னரின் யோசனைக்கு இது வெற்றி. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தத் திரைக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டார்கள் என்பதையும் அதே எண் சொல்கிறது.

அப்படி ஒளிகிறவர்கள் இருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆட்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விகிதம் கொடுப்பார்கள். ஒரு குழுவில் மூன்றில் இருவர் மருந்துக் கேள்விக்குப் போவார்கள், மற்றதில் மூன்றில் ஒருவர் மட்டும். எல்லோரும் விதிப்படி நடந்தால் இரு குழுக்களிலிருந்தும் கிடைக்கும் மதிப்பீடு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். பத்தில் ஒருவர் எதைக் கேட்டாலும் ‘இல்லை’ என்று தட்டுகிறார், மற்றவர்களில் 30 சதவீதம் பேர் மருந்து எடுத்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் குழுவின் மதிப்பீடு 24.5, இரண்டாவதன் மதிப்பீடு 17 என்று பிரிந்து நிற்கும். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள இடைவெளியிலிருந்து பிடிவாதக்காரர்களின் பங்கையும் கணக்கிடலாம்.

43.6-ஐ எப்படிப் படிப்பது?

தேகு எண்ணுக்கே இப்போது திரும்புவோம். அந்த ஆய்வின் முடிவுகள் பல ஆண்டுகள் வெளிவராமல் கிடந்தன. 2015-இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு ஒன்று அதைப் பொதுவில் வைத்தது, 2017-இல்தான் ஆய்விதழில் முறையாக வெளியானது. வந்தவுடன் எழுந்த கேள்வி, பரிசோதனையில் 0.5, கேள்வித்தாளில் 43.6 என்றால் எதை நம்புவது?

இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை என்பது முதலில் கவனிக்க வேண்டியது. பரிசோதனை, அந்த நாளில் உடலில் மிச்சமிருந்ததை மட்டும் காட்டும். கேள்வி 12 மாதங்களைப் பற்றியது. மருந்தை எப்போது நிறுத்தினால் சிக்காமல் தப்பலாம் என்று தெரிந்தவர்கள் போட்டி நாளில் சிக்குவது அரிது.

ஆனால் கேள்வித்தாளிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. போட்டிக் களைப்பில், விதியைச் சரியாகப் படிக்காமல், வீரர் கண்ணில் பட்ட பொத்தானைத் தட்டிவிட்டுப் போனால்? அப்படித் தட்டுபவர்களில் பாதிப் பேர் ‘ஆம்’ என்பார்கள். உண்மை 30 சதவீதம் என்றும், ஐந்தில் ஒருவர் கண்மூடித் தட்டினார் என்றும் வைத்துக்கொண்டால், கணக்கு 34 சதவீதத்தைக் காட்டும். ‘இல்லை’ என்றே சொல்லும் பயந்தவர்கள் எண்ணைக் கீழே இழுப்பார்கள், அசட்டையாகத் தட்டுபவர்கள் 50-ஐ நோக்கி மேலே இழுப்பார்கள். தேகு ஆய்வாளர்கள் இதை உணர்ந்து, மிக வேகமாகப் பதில் தட்டியவர்களை விலக்கியும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அப்போது மதிப்பீடு இறங்கியது. பலவகைக் கற்பனைச் சூழல்களையும் பரிசீலித்து, உண்மையைவிடக் கூட்டிச் சொல்லியிருக்க வாய்ப்புக் குறைவு என்ற முடிவுக்கு வந்தார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை. அதே போட்டியில் வேறொரு மறைமுகக் கேள்வி முறையில் திரட்டிய பதில்களைக் கொண்டு பிற்பாடு வெளியான மறு ஆய்வு ஒன்றின் மதிப்பீடு 21 சதவீதத்தை ஒட்டி நின்றது.

எனவே செய்தித்தாளில் இப்படி ஒரு சதவீதத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை சில. கலந்த குழப்பத்தின் அளவு எப்படித் தெரிந்தது, பகடையா பிறந்தநாளா? பிழை எல்லை எவ்வளவு? விதியை மீறியவர்களைக் கண்டுபிடிக்க ஏதாவது ஏற்பாடு இருந்ததா? தேகு விஷயத்தில் இந்தக் கேள்விகளை எல்லாம் கேட்ட பிறகு 43.6 என்ற எண்ணின் தசமப் புள்ளியை யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் மிகக் குறைந்த மதிப்பீட்டை எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் ஒருவர். பரிசோதனையில் சிக்கியவர்கள் இருநூறில் ஒருவர். இந்த இடைவெளியை எந்தப் பிழை எல்லையாலும் மூட முடியாது.